சீட்டில் 228.5, கடையில் கொடுத்தது 375: 14 கிலோ குழந்தைக்கு அளவு சரியா?

காதுவலிக் குழந்தையின் அப்பா

மகளுக்கு மூன்றரை வயது. இன்று சாயங்காலம் கிளினிக்கில் எடை போட்டார்கள், 14 கிலோ. இரண்டு நாளாகக் காய்ச்சல், ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு இந்த மருந்தை எழுதினார்:

அமாக்ஸிக்ளாவ் டிடி 228.5, 1½ – 0 – 1½, சாப்பாட்டோடு, 5 நாள்.

எனக்கு இரண்டு சந்தேகம். முதலாவது, இந்த மருந்துக்குக் கிலோவுக்கு 45 மி.கி என்று படித்தேன். 14 × 45 = 630. ஆனால் ஒன்றரை மாத்திரை என்றால் 342.75 மி.கிதான் வருகிறது. பாதி அளவுதான் எழுதியிருக்கிறாரா?

இரண்டாவதுதான் அவசரம். கடையில் 228.5 இல்லை என்று 375 மாத்திரை கொடுத்து, “ஒன்றரைக்குப் பதில் இதில் ஒன்று, தூளாக்கிக் கொடுங்கள், கிட்டத்தட்ட அதே அளவுதான்” என்றார்கள். 342-க்கும் 375-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, ஓரத்தில் கொஞ்சம் கிள்ளிவிட்டுக் கொடுக்கலாமா? கிளினிக் போனை யாரும் எடுக்கவில்லை. இரவு வேளை இன்னும் கொடுக்கவில்லை.

இரட்டையர் அம்மா

பொறுங்கள், கொடுக்காதீர்கள்! எங்கள் வீட்டில் இப்படித்தான் ஆனது. பாராசிட்டமால் சிரப் 125 என்று எழுதியிருந்தார், கடையில் அதே பெயரில் 250 கொடுத்துவிட்டார்கள். பாட்டில் ஒரே மாதிரி இருந்ததால் நானும் அதே 5 மில்லி ஊற்றிக் கொடுத்துவிட்டேன். 10 கிலோ குழந்தைக்கு 250 மி.கி போய்விட்டது. டாக்டர் அடுத்த வேளையைத் தள்ளிப்போடச் சொன்னார், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கும் காய்ச்சல் மருந்துதானே? 14 கிலோவுக்கு 210 மி.கிக்கு மேல் போகக் கூடாது.

காதுவலிக் குழந்தையின் அப்பா

இல்லை அக்கா, இது ஆன்டிபயாடிக். காய்ச்சல் மருந்து தனியாக இருக்கிறது, அதில் குழப்பமில்லை.

கணக்கு வாத்தியார்

முதல் சந்தேகத்துக்குப் பதில் சுலபம். 45 என்பது ஒரு நாள் முழுவதற்கும். 630-ஐ இரண்டு வேளையாகப் பிரித்தால் 315. டாக்டர் எழுதியது 342. கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் 375-உம் பெரிய தவறாக எனக்குத் தெரியவில்லை. கிள்ளிவிட்டுக் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

தம்பி, 375-ஐக் கொடுக்க வேண்டாம். வாத்தியார் ‘நாளுக்கு’ என்று சொன்னது சரி, நிறையப் பேர் சறுக்குகிற இடம் அது. ஆனால் அதற்கு அடுத்த படியில் அவரும் சறுக்கிவிட்டார்.

அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். அந்த மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கிறது. 228.5 என்பது அமாக்ஸிசிலின் 200, கிளாவுலனிக் அமிலம் 28.5, இரண்டையும் கூட்டிப் போட்ட எண். கிருமியைக் கொல்வது அமாக்ஸிசிலின். சில கிருமிகள் அதை உடைத்துவிடும், அந்த உடைக்கும் வேலையைத் தடுக்கத்தான் கிளாவுலனிக் அமிலம். கிலோவுக்கு 45 என்று நீங்கள் படித்தது அமாக்ஸிசிலினுக்கு மட்டும் உள்ள கணக்கு. அதனால் 228.5-ஐ வைத்துப் பெருக்கவே கூடாது, 200-ஐ வைத்துத்தான் பெருக்க வேண்டும்.

ஒன்றரை மாத்திரையில் அமாக்ஸிசிலின் 300. இரண்டு வேளைக்கு 600. அதை 14 கிலோவால் வகுத்தால் ஏறக்குறைய 43 வரும். டாக்டர் மனதில் 45-ஐ வைத்து, உடைக்க வசதியாக ஒன்றரைக்கு நிறுத்தியிருக்கிறார். நல்ல சீட்டு, அதில் குறை ஒன்றும் இல்லை.

இப்போது 375-ஐப் பாருங்கள். அதில் அமாக்ஸிசிலின் 250, கிளாவுலனிக் அமிலம் 125. உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்குப் போக வேண்டியது 300-உம் 43-உம். இந்த மாத்திரையில் போவது 250-உம் 125-உம். கிருமிக்கான மருந்து குறைகிறது, மற்றது மூன்று மடங்காகிறது. நாள் கணக்கில் பார்த்தால் கிளாவுலனிக் அமிலம் கிலோவுக்கு 6 மி.கி போக வேண்டிய இடத்தில் 18 போகும். வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணமே அதுதான். கிலோவுக்கு 10-ஐத் தாண்டினாலே குழந்தைகளுக்கு வயிறு கெடுவது கூடும். ஓரத்தைக் கிள்ளினால் இரண்டும் சேர்ந்து குறையும், விகிதம் மாறாது. 250 + 125 மாத்திரையை 40 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். அவளுக்கு இதற்கு முன் பென்சிலின் வகை மருந்து ஏதாவது கொடுத்து, தடிப்போ முகவீக்கமோ வந்தது உண்டா?

காதுவலிக் குழந்தையின் அப்பா

இல்லை சார், போன வருஷம் அமாக்ஸிசிலின் சிரப் குடித்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. டாக்டரும் அதைக் கேட்டார். அட்டையின் பின்னால் நீங்கள் சொன்னபடியே 250-உம் 125-உம்தான் இருக்கிறது. சரி, இப்போது என்ன செய்வது? பக்கத்துக் கடையில் 457 டிடி இருக்கிறதாம்.

கணக்கு வாத்தியார்

ஓ, இரண்டு மருந்தின் கூட்டல் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதை விட்டுவிடுங்கள். மன்னிக்கவும்.

வார்டு செவிலியர்

457 என்றால் 400-உம் 57-உம். 228.5-இன் நேர் இரட்டிப்பு, விகிதமும் அதேதான். அதில் முக்கால் மாத்திரை கொடுத்தால் 300 வந்துவிடும். முக்காலாக உடைக்க முடியாது என்பதால் நாங்கள் 10 மில்லி தண்ணீரில் ஒரு மாத்திரையைக் கரைத்து, சிரிஞ்சில் 7.5 மில்லி எடுத்துக் கொடுப்போம். மீதியைக் கொட்டிவிடுவோம்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

கணக்கு சரிதான் அம்மா. ஆனால் அந்த மாத்திரை தண்ணீரில் உதிரும், சர்க்கரை மாதிரி கரையாது. ஒரு நிமிஷம் வைத்தால் தூள் அடியில் தங்கிவிடும். நீங்கள் கலக்கிய கையோடு எடுப்பீர்கள், அது பழக்கம். வீட்டில் டம்ளரில் கலக்கி, குழந்தையைச் சமாதானப்படுத்தி வருவதற்குள் மேலே தெளிந்த தண்ணீர்தான் இருக்கும். ஒரு இரவுக்குப் பரவாயில்லை, பத்து வேளைக்கும் இதை நம்பி இருக்க வேண்டாம்.

தம்பி, கடையில் 228.5 டிரை சிரப் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் 5 மில்லியில் 200 + 28.5 இருக்கும், அதாவது 5 மில்லி ஒரு மாத்திரைக்குச் சமம். ஒன்றரைக்கு 7.5 மில்லி. பாட்டிலில் ‘5 மில்லியில்’ என்ற வரியைப் படிக்காமல் வாங்காதீர்கள். 457 சிரப்பும் இருக்கிறது, அதை 7.5 மில்லி ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். அப்புறம், எந்த மாற்றத்தையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் இன்னொரு மருந்தும் எழுதியிருக்கலாம், அது நமக்குத் தெரியாது.

அண்ணன் அமெரிக்காவில்

என் அண்ணன் பையனுக்கு அங்கே காதுக்குக் கிலோவுக்கு 90 கொடுத்தார்கள். அப்படியானால் இங்கே 45 போதுமா? மூன்று மாத்திரையாகக் கொடுத்தால் சீக்கிரம் ஆறாதா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

அங்கே 90 கொடுப்பது உண்மைதான். ஆனால் அதற்கு வேறு சிரப் வைத்திருக்கிறார்கள், 5 மில்லியில் 600-உம் 42.9-உம். அமாக்ஸிசிலினை இரட்டிப்பாக்கினாலும் கிளாவுலனிக் அமிலம் நாளுக்குக் கிலோவுக்கு 6.4-இல் நிற்கிறது. 228.5-ஐ நாமாக மூன்றாக்கினால் அது 12-ஐத் தாண்டிவிடும். 45 போதுமா, 90 வேண்டுமா என்பதை இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. குழந்தையின் வயது, முன்பு எத்தனை முறை காது சீழ் பிடித்தது, சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாளா, இதெல்லாம் பார்த்து டாக்டர் எடுக்கிற முடிவு அது. நம் வேலை, அவர் எழுதியது எழுதியபடி குழந்தைக்குப் போகிறதா என்று பார்ப்பது.

காதுவலிக் குழந்தையின் அப்பா

இரவு 9 மணிக்கு மூன்றாவது கடையில் 228.5 டிரை சிரப் கிடைத்தது. அதற்குள் டாக்டரே திரும்பக் கூப்பிட்டார். 375 என்றதும் “அதை வைத்துவிடுங்கள்” என்றார். சிரப்பில் 7.5 மில்லி என்று அவரும் அதே அளவைச் சொன்னார். இரண்டு வாய் இட்லி சாப்பிட்ட பிறகு கொடுத்துவிட்டோம்.

பாட்டில் 30 மில்லிதான். மொத்தம் 75 மில்லி வேண்டும் என்பதால் மூன்று வாங்கினேன். மூன்றையும் இப்போதே தண்ணீர் விட்டுக் கலக்கி வைக்கலாமா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

வேண்டாம். ஒரு பாட்டில் சரியாக நான்கு வேளைக்கு, அதாவது இரண்டு நாளைக்கு வரும். தீரத் தீர அடுத்ததைக் கலக்குங்கள். முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் பாதியை விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் கோடு வரைக்கும் நிரப்புங்கள். நுரையோடு கோட்டைப் பார்த்தால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். கலக்கியதை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஒவ்வொரு வேளையும் குலுக்கிய பிறகே எடுக்க வேண்டும். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இரட்டையர் அம்மா

எனக்கும் ஒரு சந்தேகம் சார். டிடி மாத்திரையே கிடைத்திருந்தால் அந்த உடைத்த பாதியை என்ன செய்வது? நான் டப்பாவில் போட்டு வைப்பேன்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

கிளாவுலனிக் அமிலம் ஈரம் பட்டால் சீக்கிரம் கெடும். காலையில் உடைத்த பாதியைக் காய்ந்த சின்ன டப்பாவில் மூடி வைத்து அன்றைக்கு இரவே கொடுத்துவிடலாம். நாள் கணக்கில் வைக்கக் கூடாது. நிறம் மாறியிருந்தாலோ பிசுபிசுத்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

காதுவலிக் குழந்தையின் அப்பா

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். காய்ச்சல் நின்றுவிட்டது, இரவு தூங்குகிறாள். நேற்று மூன்று முறை இளகலாகப் போனாள். டாக்டரிடம் சொன்னேன். தண்ணீரும் கஞ்சியும் நிறையக் கொடுங்கள், மருந்தை நிறுத்த வேண்டாம், ரத்தம் தெரிந்தாலோ சோர்ந்து படுத்தாலோ உடனே தூக்கி வாருங்கள் என்றார். 375 அட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்து, பின்பக்க எழுத்தையும் காட்டினேன். வாங்கிக்கொண்டார்கள், ஆனால் “எல்லோருக்கும் இப்படித்தானே மாற்றிக் கொடுக்கிறோம்” என்றார் பையன். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்று தெரியவில்லை.