புதுப்பிப்பு: ஜீவனாம்ச நோட்டீஸுக்குப் பதில் அனுப்பிவிட்டேன்

"வளைகாப்பு முடிந்து தாய்வீடு போன மனைவி, நான் கைவிட்டதாகச் சொல்லி மாதம் 15,000 கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். நான் கடலூரில் இருக்கிறேன். எப்படிப் பதில் தருவது?" (போன மாதம் நான் கேட்டது)

"தானாகப் போனவளுக்கு ஒரு பைசா கிடையாது" என்று எழுதிய அண்ணனுக்கு: அது பாதிதான் சரி என்றார் வக்கீல் அம்மா. தக்க காரணமில்லாமல் சேர்ந்து வாழ மறுத்தால்தான் மனைவிக்குக் கிடையாது. அப்போதும் குழந்தைக்குத் தந்தாக வேண்டும்.

புதுச்சேரி தம்பி தன் விவாகரத்து வழக்கைச் சொன்னார். எனக்கு விவாகரத்து வேண்டாம், தம்பி.

பதிலில் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக மறுப்பு எழுதினோம். பிரசவத்துக்குத்தான் போனாள், மாதாமாதம் 6,000 வங்கி வழியாக அனுப்பினேன், மூன்று முறை அழைக்கப் போனேன் என்று தேதியோடு வைத்தோம். சம்பளம் 24,000 என்பதையும் மறைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால் சொத்து, வருமானம் எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் வந்துவிடும்.

கோபத்தில் மாமியாரைப் பற்றி நான் எழுதித் தந்த இரண்டு பத்திகளை வக்கீல் அடித்துவிட்டார். "திட்டிக்கொண்டே வா என்று கூப்பிட்டால், வராததற்கு நீங்களே காரணம் எழுதித் தருகிறீர்கள்" என்றார். அப்புறம், தனிவீடு பார்த்திருக்கிறேன், குழந்தையோடு வரட்டும் என்று முடித்தோம்.

நேற்று ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் இருப்பது அவளுடைய கையெழுத்து. பதில் இன்னும் வரவில்லை.