மேல்வீட்டுப் பையன்களுக்கு இந்த மெசேஜை அனுப்பலாமா?

மல்லிப்பந்தல்:
மடிப்பாக்கத்தில் சொந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் வேலைக்குப் போகும் இரண்டு பையன்கள் வாடகைக்கு. எட்டு மாதமாக வாடகை 5ஆம் தேதிக்குள் வந்துவிடுகிறது. ஆனால் கடைசி மூன்று வெள்ளிக்கிழமைகளாக நண்பர்கள் கூட்டம். கேட்டை மறித்து ஐந்தாறு பைக், இரவு 1 மணி வரை பாட்டு. மாமியாருக்குச் சனிக்கிழமை காலை 6 மணிக்கு டயாலிசிஸ். நேற்று எழுதி வைத்த மெசேஜ் இது, அனுப்பலாமா சொல்லுங்கள்:

"தம்பி, உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களால் தினமும் தொந்தரவு. இது குடும்பங்கள் இருக்கிற இடம். இனிமேல் வெளியாட்கள் யாரும் வரக்கூடாது. மீறினால் கரண்டை நிறுத்துவேன், அட்வான்ஸில் பிடித்துக்கொண்டு காலி செய்யச் சொல்வேன்."

பழைய ராயப்பேட்டை:
தாராளமாக அனுப்புங்கள் மேடம். உங்கள் வீடு, உங்கள் கேட். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது சட்டம். எனக்கும் இப்படி ஒரு கூட்டம் வாய்த்தது. ஒரு நாள் மெயினை இறக்கினேன், அன்றோடு அடங்கினார்கள். இந்த மெசேஜே மென்மையாகத்தான் இருக்கிறது.

மேல்மாடி:
நான் வாடகைக்கு இருக்கிறவன். என் கைபேசிக்கு இது வந்தால் முதலில் கண்ணில் படுவது "தினமும்" என்ற சொல்தான். மூன்று வெள்ளிக்கிழமைதானே? தினமும் என்று எழுதிவிட்டால் அந்தப் பையன்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள், பாட்டை யாரும் பேசமாட்டார்கள். அடுத்தது, "யாரும் வரக்கூடாது". என் அம்மா திண்டுக்கல்லிலிருந்து வந்தால்கூட ஓனரிடம் கேட்க வேண்டுமா? வாடகை கொடுத்துவிட்டு ஹாஸ்டலிலா இருக்கிறோம்? ஆத்திரத்தில் எழுதியது என்று தெரிகிறது அக்கா. நள்ளிரவில் எழுதினீர்களா?

மல்லிப்பந்தல்:
ஆமாம் தம்பி, ஒன்றரை மணிக்கு. தூக்கம் வராமல் எழுதினேன்.

குளத்தங்கரை:
எங்கள் தெருவில் ஆடி மாதம் முழுக்கக் கோயில் குழாய் ஸ்பீக்கர். நாலரை மணிக்கே போட்டுவிடுகிறார்கள். மனு கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. வாடகைக்கு இருக்கிற நீங்கள் ஓனரிடம் சொல்லிப் பயனில்லை, நேராகக் காவல் நிலையம் போங்கள்.

மல்லிப்பந்தல்:
ஓனர் நான்தான் சார். சத்தம் போடுகிறவர்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறவர்கள்.

ஒப்பந்தத்தாள்:
அம்மா, நான் வக்கீல் அலுவலகத்தில் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தவன், வீட்டு வாடகை வழக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்ட் வரியை முதலில் அடித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017இல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை ஓனர் நிறுத்தக் கூடாது என்று அதில் தனிப் பிரிவே உண்டு. நிறுத்தினால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் மனு போடலாம், அவர் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடுவார். நீங்கள் நிறுத்தவே வேண்டாம், "நிறுத்துவேன்" என்று உங்கள் எண்ணிலிருந்து எழுத்தில் போனாலே அது அவர்கள் கையில் இருக்கும் காகிதம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இதே சட்டத்தில், தப்பான பயன்பாட்டை நிறுத்தச் சொல்லி ஓனர் நோட்டீஸ் கொடுத்த பிறகும் அது தொடர்ந்தால் காலி செய்யச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. பொதுத் தொல்லையும் அந்தத் தப்பான பயன்பாட்டுக்குள் வரும். நாளைக்கு விஷயம் அந்த அளவுக்குப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது நீங்கள் எழுதிய முதல் மெசேஜைத்தான். அதில் தேதி இருக்க வேண்டும், மணி இருக்க வேண்டும், என்ன நடந்தது என்று இருக்க வேண்டும். இப்போது இருப்பதில் மிரட்டல் மட்டும்தான் இருக்கிறது.

பழைய ராயப்பேட்டை:
சட்டம் புத்தகத்தில் இருக்கும் சார். என் 11 மாத அக்ரிமென்ட் எங்கேயும் பதிவாகவில்லை. பதிவே இல்லாத இடத்தில் எந்த அதிகாரி வருவார்?

ஒப்பந்தத்தாள்:
ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான் சார். பதிவு செய்யாமல் விட்டதால் மெயினை இறக்கும் உரிமை வந்துவிடாது. உங்களுக்கு அன்று நடந்தது, அவர்கள் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 10 மணி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. 2000ஆம் வருட ஒலி விதிகளில் இரவு என்பது 10 முதல் காலை 6 வரை. குடியிருப்புப் பகுதிக்கு அந்த நேரத்தில் 45 டெசிபல் வரம்பு.

ஒலிமேசை:
மல்லிப்பந்தல் அக்கா, ஒரு கேள்வி. நான் கல்யாண மண்டபங்களில் சவுண்ட் செட் போடுகிறவன். உங்களுக்குக் கீழே பாட்டின் வரிகள் கேட்கிறதா, இல்லை தம் தம் என்று மட்டும் கேட்கிறதா?

மல்லிப்பந்தல்:
வரி ஒன்றும் புரியாது. தம் தம்தான். சமையலறைப் பரணில் கவிழ்த்து வைத்திருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் அப்படியேதான். போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன், 43, 44 என்று காட்டுகிறது. அப்படியானால் என் மேல்தான் தப்போ என்று குழம்பிவிட்டேன்.

ஒலிமேசை:
உங்கள் மேல் தப்பில்லை அக்கா. அவர்கள் பேஸ் பெட்டியைத் தரையில் வைத்திருப்பார்கள். அந்தத் தரைதான் உங்கள் கூரை. சத்தம் காற்று வழியாக வரவில்லை, கான்கிரீட் வழியாக இறங்குகிறது, அதனால் ஜன்னல் சாத்தியும் பயனில்லை. அந்த எண்ணிலும் ஒரு விஷயம் இருக்கிறது. விதியில் சொல்கிற டெசிபல் மனிதக் காதுக்கு ஏற்றபடி எடை போட்ட அளவு. அதில் பேஸ் ஒலிகள் பெரிய அளவில் கழிந்துவிடும். 63 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 26 டெசிபல் குறைத்துத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். பரணில் டம்ளர் ஆடும், மீட்டர் 44 காட்டும். போன் மைக்குக்கு அந்த ஒலி சரியாகப் பிடிபடுவதும் இல்லை.

அதனால் மெசேஜில் டெசிபல் எண்ணைப் போடாதீர்கள். "எங்கள் மீட்டரில் 40தான்" என்று அவர்களும் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். பேஸ் பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து, கனமான ரப்பர் விரிப்பிலோ மெத்தை மேலோ வைக்கச் சொல்லுங்கள். 10 மணிக்கு மேல் பேஸை முழுசாக அணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமானது: அவர்களில் ஒருவரைக் கீழே வரச்சொல்லி, மேலே பாட்டை ஓடவிட்டு, உங்கள் சமையலறையில் இரண்டு நிமிடம் நிற்க வையுங்கள். மேலே இருப்பவனுக்குக் கீழே எப்படிக் கேட்கிறது என்று தெரியவே தெரியாது. நான் எத்தனையோ மண்டபத்தில் பார்த்துவிட்டேன்.

மேல்மாடி:
இது எனக்கே புதுசு. நானும் ஹோம் தியேட்டர் பெட்டியைத் தரையில்தான் வைத்திருக்கிறேன். இன்றைக்கே கீழ்வீட்டில் போய்க் கேட்கிறேன்.

ஒப்பந்தத்தாள்:
கேட் விஷயத்தில் பைக்குகள் எங்கே நிற்கின்றன அம்மா? காம்பவுண்டுக்கு உள்ளேயா, தெருவிலா?

மல்லிப்பந்தல்:
இரண்டும். உள்ளே படிக்கட்டு அடியில் அவர்கள் இரண்டு வண்டிக்கு இடம் கொடுத்திருக்கிறோம். நண்பர்கள் வண்டி கேட்டுக்கு வெளியே, சரிவுப் பாதையை அடைத்து நிற்கும். போன சனிக்கிழமை 5:20க்கு வாடகைக் கார் வந்துவிட்டது. அத்தையை வீல்சேரில் உட்கார வைத்துக் கேட்டைத் திறந்தால் ஒரு புல்லட், ஹேண்டில் லாக் போட்டு நிற்கிறது. நானும் டிரைவரும் பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தினோம். மாடியில் மணி அடித்தேன், யாரும் எழுந்திருக்கவில்லை. 20 நிமிடம் போய்விட்டது. நாங்கள் போகும் மையத்தில் தாமதமானால் அந்த ஷிஃப்டில் நேரத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்தாள்:
அப்படியானால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். வெளியே தெருவில் ஒரு வீட்டு வாசலை மறித்து வண்டி நிறுத்துவது சாலை விதிப்படியே தவறு, போக்குவரத்துப் போலீஸைக் கூப்பிடலாம். காம்பவுண்டுக்கு உள்ளே நின்றால் போலீஸ் கை வைக்கமாட்டார்கள், அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் இரண்டு வண்டி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் இந்த மெசேஜிலேயே எழுதிவிடுங்கள்.

என் அபிப்பிராயம், கேட்டையும் பாட்டையும் ஒரே மெசேஜில் போட்டாலும் தனித்தனிப் பத்தியாகப் போடுங்கள். கேட் விஷயத்தில் அவர்களுக்குப் பதில் சொல்ல ஒன்றுமே இல்லை. பாட்டில் வாதாட இடம் இருக்கிறது. கலந்துவிட்டால் பாட்டை வாதாடியே கேட்டையும் தள்ளிவிடுவார்கள்.

மேல்மாடி:
மாமியார் டயாலிசிஸ் என்பதை அவசியம் எழுதுங்கள் அக்கா. அந்த புல்லட்காரனுக்கு உள்ளே ஒரு நோயாளி இருக்கிறார் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

பழைய ராயப்பேட்டை:
இதை நான் ஏற்கமாட்டேன். வீட்டில் நோயாளி இல்லையென்றால் மட்டும் வழியை அடைக்கலாமா? ஓனர் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். அடுத்த முறை "இன்றைக்கு டயாலிசிஸ் இல்லையே ஆன்டி" என்பார்கள்.

ஒப்பந்தத்தாள்:
அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அம்மா. காரணமாக எழுதலாம், நிபந்தனையாக எழுதாதீர்கள். வழி எல்லா நாளும் திறந்திருக்க வேண்டும் என்று முதலில் வரட்டும்.

மல்லிப்பந்தல்:
எல்லோர் சொன்னதையும் வைத்து மாற்றிவிட்டேன். இன்று காலை 11 மணிக்கு இரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன், குரூப்பில் போடவில்லை:

"தம்பி, கடந்த மூன்று வெள்ளிக்கிழமையும் இரவு 1 மணி வரை மாடியில் பாட்டு ஓடியது. பேஸ் தரை வழியாக எங்கள் வீட்டுக்குள் இறங்குகிறது. பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து வையுங்கள், 10 மணிக்கு மேல் பேஸ் வேண்டாம். ஒருவர் கீழே வந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கேட் முன்னால் எந்த நேரத்திலும் வண்டி நிற்கக்கூடாது. உள்ளே உங்கள் இரண்டு வண்டி மட்டும். வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் காலிமனைச் சுவரோரம் நிறுத்தட்டும். போன சனிக்கிழமை 5:20க்கு புல்லட் நின்றதால் அத்தையை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக 20 நிமிடம் தாமதமானது. நண்பர்கள் வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை."

மேல்மாடி:
கடைசி வரி நல்லா இருக்கு அக்கா. பதில் வந்ததா?

மல்லிப்பந்தல்:
ஒரு தம்பி மதியமே இறங்கி வந்தான். மேலே பாட்டைப் போட்டுவிட்டுச் சமையலறையில் நின்றான். டம்ளர் ஆடுவதைக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சாரி ஆன்டி, இவ்வளவு கேட்கும்னு தெரியாது" என்றான். பெட்டி இப்போது கட்டில் மேல் போய்விட்டது. இன்னொருவனிடமிருந்து மெசேஜ்: "பைக் ஓகே ஆன்டி. பாட்டு வெள்ளிக்கிழமை மட்டும் 11 வரைக்கும் பரவாயில்லையா?"

பழைய ராயப்பேட்டை:
பார்த்தீர்களா! முடியாது என்று சொல்லுங்கள். 11 கொடுத்தால் 12 கேட்பார்கள்.

ஒலிமேசை:
பேஸ் இல்லாமல், கதவு சாத்தி, பேசுகிற அளவில் என்றால் 11 வரை விடலாம் அக்கா. கீழே கேட்கிறதா என்பதுதான் கணக்கு.

ஒப்பந்தத்தாள்:
நீங்களாக 11 என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் போலீஸுக்கு 10 மணிதான் கணக்கு. உங்களுக்குக் கேட்காவிட்டால் பேசாமல் இருந்துவிடுங்கள், அது வேறு.

மல்லிப்பந்தல்:
இன்னும் பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமை 10:15க்குச் சமையலறையில் நின்று பார்த்துவிட்டுப் போடுகிறேன்.