கண் பரிசோதனை அறையைப் படமெடுத்த அனுபவம்: ஒளிக்கோடு கண்ணில் விழ வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறை, ஒளிப்படக்காரர்
எங்கள் பகுதிக் கண் மருத்துவகம் ஒன்றின் இணையதளத்திற்காகப் பரிசோதனை அறையைப் படமெடுத்தேன். அறை விளக்குகள் எல்லாம் எரிந்தால் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க உதவும் ஸ்லிட் லாம்ப் கருவியின் ஒளிக்கோடு கண்ணில் விழுவதே தெரியவில்லை. அனைத்தையும் அணைத்தால் முகங்கள் இருண்டு, பார்ப்பவருக்கு அச்சம் தரும் அறையாகிவிடுகிறது. ஆகவே திரையை மூடி, சுவரை நோக்கித் திருப்பிய ஒரே விளக்கை வைத்து, ஒளிக்கோட்டின் வெளிச்சத்தைக் குமிழால் நன்கு குறைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி 1/15 நொடியில் எடுத்தேன். கருவியில் இருந்தது ஹாலஜன் விளக்கு. அதன் மஞ்சளோடு வெள்ளை வெளிச்சம் கலந்தால் தோல் நிறம் கெடும் என்பதால், என் விளக்கிற்கும் மஞ்சள் தாள் ஒட்டினேன். ஆப்டோமெட்ரிஸ்ட் நோயாளியைப் பார்த்துப் புன்னகைக்கிறார், ஒளிக்கோடு நோயாளியின் கண்ணில் விழுகிறது. மனத்திற்கு நிறைவான படம்.

செங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட்
வெளிச்சத்தை அருமையாகக் கையாண்டிருக்கிறீர்கள். ஆனால், கருவியின் பார்வைக் குழல்களில் கண் வைத்துப் பார்க்காத வேளையில் நாங்கள் ஒளியை நோயாளியின் கண்ணில் விட்டுவைப்பதில்லை, அது கூசும். பேசும் கணமா, பார்க்கும் கணமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பார்க்கும் கணத்தில் முகத்தைக் கருவி மறைத்துவிடும். எனவே, ஒரு கை ஜாய்ஸ்டிக்கில் இருக்க, சற்றே பக்கவாட்டில் சாய்ந்து நோயாளியிடம் பேசும் கணமே நல்லது என்பேன். நோயாளியின் மோவாய் தாங்கியில் பதிந்து, நெற்றி பட்டையைத் தொட்டு, கண்ணின் வெளிமூலை பக்கத்தண்டின் குறிக்கு நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நோயாளியே குழல்களின் பக்கம் அமர்ந்திருக்கும் விளம்பரப் படத்தைக்கூட நான் கண்டிருக்கிறேன்.

கம்பம், கண்ணாடிக்கடை வைத்திருப்பவர்
எழுத்துப் பலகை 6 மீட்டர் தொலைவில் இருந்தாக வேண்டும். அவ்வளவு நீளம் இல்லாத அறையில் பலகையைக் காட்டினால் படம் தவறாகிவிடும்.

செங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட்
தொலைவு சரிதான், ஐயா. ஆனால், 3 மீட்டர் அறையிலும் எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டி, இடவலம் மாற்றி எழுதிய பலகையை நோயாளியின் தலைக்கு மேலே வைத்தால் அதே தொலைவு கிடைத்துவிடும். படத்தில் அந்தக் கண்ணாடியும் தெரிந்தால் போதும்.

சித்தூர், வாசகி
என் அம்மாவுக்குக் கண் அழுத்தம் பார்க்க மஞ்சள் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தை அருகே கொண்டுவந்தார்கள். அம்மா பயந்து தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்த நீல வெளிச்சத்தையும் படமாகப் போடுவீர்களா? முன்னரே பார்த்திருந்தால் அவர் அவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

கொழிஞ்சாம்பாறை, ஒளிப்படக்காரர்
பேசும் கணத்தை ஒளிக்கோடு இல்லாமல் மீண்டும் எடுக்கிறேன். ஆனால், ஒளியே இல்லாத ஸ்லிட் லாம்ப்பைப் பார்த்து அது எதற்கென்று நோயாளிகள் புரிந்துகொள்வார்களா என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. நீல வெளிச்சத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்கிறேன், அம்மா.