மரமேசையில் எடுத்த ஷூ, வெள்ளைப் பின்னணி, அடிநிழல்: உங்கள் அனுபவம் என்ன?

மாறன்
விற்பனைத் தளத்தில் போட ஒரு தோல் ஷூவை மரமேசையில் வைத்துப் படம் எடுத்தேன். பின்னால் புத்தகம், சார்ஜர் வயர் என்று ஒரே குப்பை. ஷூவை போட்டோஷாப்பில் பென் டூலால் வெட்டி வெள்ளையில் வைத்தாயிற்று, ஆனால் அந்தரத்தில் மிதக்கிறது. Drop Shadow போட்டால் இன்னும் மோசம், சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறது. மேசையில் விழுந்த அசல் நிழலையே காப்பாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வெண்பனி
இதற்கு ஏன் வெட்ட வேண்டும்? Levels-இல் வெள்ளை முனையை இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போங்கள், மேசை வெளுத்துவிடும், நிழல் மட்டும் நிற்கும். நான் எப்போதும் அப்படித்தான்.

சுடர்
வெண்பனி, வெள்ளைத் தாளில் வைத்து எடுத்த படம் என்றால் சரி. மரமேசையில் அப்படி இழுத்தால் மேசை வெளுக்கும் முன்பே ஷூவின் மேல்பளபளப்பு போய்விடும். ஆனால் அந்த யோசனையில் பாதி உதவும், நிழலுக்கு மட்டும்.

மாறன், அசல் படத்தை இன்னொரு லேயராக எடுத்து, ஒவ்வொரு சேனலாகப் பாருங்கள். பழுப்பு மரத்தில் நீலச் சேனலில் ரேகைகள் கொட்டை கொட்டையாகத் தெரியும், சிவப்பில் பெரும்பாலும் மங்கிப்போயிருக்கும். நிழல் மூன்றிலும் இருக்கும். அதனால் சிவப்புச் சேனலை மட்டும் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்து, Levels-இல் வெள்ளை Eyedropper-ஐ எடுத்து, நிழல் முடிந்த இடத்தை ஒட்டிய வெறும் மேசையில் சொடுக்குங்கள். அந்த லேயரை Multiply-இல் வைத்து, வெட்டிய ஷூவுக்குக் கீழே, வெள்ளைக்கு மேலே போட்டால் அடிநிழல் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடும். தூரத்தில் மிஞ்சும் வயர், புத்தகத்தை எல்லாம் மாஸ்க்கில் பெரிய மென்மையான பிரஷ்ஷால் அழித்துவிடலாம்.

பூங்கொடி
நான் பின்னணியே இல்லாத PNG-யாகத்தான் ஏற்றுவேன். ஒரு தளத்தில் பின்னணி கருப்பாகக் காட்டியது. அதையா கேட்கிறீர்கள்?

சுடர்
இல்லைங்க, அது வேறு பிரச்சினை. வெள்ளை லேயரைச் சேர்த்து JPEG-ஆகக் கொடுத்தால் அது தீரும்.

மாறன்
செய்து பார்த்தேன். சிவப்புச் சேனலில் நிழல் அழகாக வந்தது, ஆனால் ரேகை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைப் போக்க அந்த லேயரை பிளர் செய்தால் ஷூவைச் சுற்றி ஒரு கருப்பு வளையம் வந்துவிடுகிறது, அசல் நிழலைவிடக் கனமாக.

சுடர்
ஷூவின் கருமையே நிழலுக்குள் கசிகிறது. பிளர் செய்யும் முன் அந்த லேயரில் ஷூ இருக்கும் இடத்தை, பக்கத்து நிழலின் சாம்பல் நிறத்தாலேயே நிரப்பிவிடுங்கள். அப்புறம் முழுவதையும் ஒரே அளவில் பிளர் செய்யாதீர்கள். ஷூ முழு அடியும் தரையில் படுவதில்லையே? குதிகாலும் முன்பாதமும் படும், நடுவில் வளைவு, நுனி லேசாகத் தூக்கி நிற்கும். படும் இடத்தில் நிழல் மெல்லிய கோடாக, கிட்டத்தட்ட கருப்பாக, கூர்மையாக இருக்கும். வளைவுக்குக் கீழே அகன்று மங்கும். அந்தக் கூர்மைதான் எடையைக் காட்டுவது, அங்கே பிளர் தொடக்கூடாது. ரேகை அப்போதும் அடம் பிடித்தால் படும் இடத்தில் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்குக் கையாலேயே வரைந்துவிடுகிறேன்.

இன்னொன்று, ஷூவின் கீழ்விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேசையின் பழுப்பு அதில் பிரதிபலித்திருக்கும். வெள்ளையில் அது அழுக்காகத் தெரியும், அந்த ஓரத்தில் மட்டும் வண்ணச் செறிவைக் குறையுங்கள்.

வெண்பனி
நிழல் வைத்தால் தளம் திருப்பி அனுப்பாதா? எனக்கு ஒரு முறை வந்தது, காரணமும் சொல்லவில்லை.

சுடர்
அமேசான் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளை, அதாவது 255, 255, 255 கேட்கிறது, பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும் என்கிறது. எனக்குத் தெரிந்து சிக்கல் பெரும்பாலும் நிழலால் இல்லை, நிழலின் வால் படத்தின் ஓரம் வரை போவதால்தான். கண்ணுக்கு வெள்ளை, அளந்தால் 252. மேலே ஒரு Threshold லேயர் போட்டு 255-இல் வையுங்கள். ஷூவும் நிழலும் கருப்பாகும், மற்றதெல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். எங்காவது கருப்புப் புள்ளியோ, ஓரம் வரை ஓடும் கருப்போ தெரிந்தால் அந்த இடத்தில் நிழலின் மாஸ்க்கை அழியுங்கள். JPEG-ஆகச் சேமித்தபின் ஒரு முறை மறுபடி பாருங்கள், தரத்தைக் குறைத்துச் சேமித்தால் விளிம்பைச் சுற்றி 254, 253 என்று தூசி கிளம்பும்.

வெண்பனி
என் படத்தில் வால் ஓரம் வரை போகவே இல்லை, இப்போதுதான் சோதித்தேன். சுத்தமாக இருக்கிறது. அப்படியும் திருப்பினார்கள்.

பூங்கொடி
சரி, கண்ணாடி பாட்டிலுக்கு இதே வழி வருமா? அதன் நிழலுக்கு நடுவே வெளிச்சம் விழுகிறது, மேசையும் பாட்டிலுக்குள்ளேயே தெரிகிறது.

சுடர்
நிழலின் நடுவில் விழும் அந்த வெளிச்சம் இந்த வழியில் வராது. வெள்ளை முனை வைத்ததுமே வெறும் மேசை 255, அதைவிடப் பிரகாசமாகக் காட்ட இடமே இல்லை. உள்ளே தெரியும் மேசைக்கும் வெட்டு உதவாது. பாட்டிலுக்கு நான் வெள்ளைத் தாள் விரித்து மறுபடி எடுத்துவிடுவேன். வேறு யாராவது வெட்டியே சரிசெய்திருந்தால் சொல்லுங்கள், எனக்கும் வேண்டும்.