தம்பி இடக்கைக்காரன். பேச்சுப் பகுதி மூளையில் எந்தப் பக்கம் என்று ஸ்கானில் தெளிவாக வரவில்லை, என்ன செய்யலாம்?

சுகந்தி, கிளிநொச்சி

தம்பிக்கு 23 வயது. ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. மூன்று விதமான மருந்து போட்டும் நிற்கவில்லை. இடப்பக்க மூளையில், காதுக்கு உள்புறமாக இருக்கும் பகுதியில் தழும்பு இருக்கிறது, அதை வெட்டி எடுத்தால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு உண்டு என்று கொழும்பில் சொன்னார்கள். ஆனால் அவன் இடக்கைக்காரன் என்பதால் பேச்சு எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அதற்காக எம்ஆர்ஐ மெஷினுக்குள் படுக்க வைத்து, சொற்களைக் காட்டி ஒரு ஸ்கான் எடுத்தார்கள். அறிக்கையில் இடம் 210, வலம் 190, சுட்டெண் 0.05, 'இருபக்கம்' என்று இருக்கிறது. இப்போது கழுத்து இரத்தக் குழாயில் ஊசி போட்டுப் பார்க்கும் இன்னொரு சோதனை வேண்டும் என்கிறார்கள். அம்மா பயப்படுகிறார். ஒரு தடவை பார்த்த பிறகும் இது தேவைதானா?

ரமணன், வவுனியா

அக்கா, இடக்கைக்காரருக்கு எல்லாம் மாறித்தான் இருக்கும். கையை ஆட்டுவது எதிர்ப்பக்க மூளை, பேச்சும் அதோடுதான். அப்படியென்றால் தம்பிக்குப் பேச்சு வலப்பக்கம். இடப்பக்கத்தில் தாராளமாகக் கத்தி வைக்கலாம்.

தேவகி

ரமணன் சொன்னதில் முதல் பாதி சரி, கையை எதிர்ப்பக்க மூளைதான் ஆட்டுகிறது. பேச்சு அதோடு சேர்ந்து மாறுவதில்லை. நான் அறுவைக்கு முன் மொழிச் சோதனை செய்யும் வேலையில் இருப்பவள். 2000-ஆம் ஆண்டில் ஜேர்மனியில், வருத்தம் எதுவும் இல்லாத ஆட்களிடம் இரத்த ஓட்டத்தை வைத்துப் பார்த்தார்கள். உறுதியான வலக்கைக்காரரில் 100-க்கு 4 பேருக்குப் பேச்சு வலப்பக்கம். உறுதியான இடக்கைக்காரரில் 27 பேருக்கு. அதாவது இடக்கைக்காரரிலும் பெரும்பாலோருக்குப் பேச்சு இடப்பக்கம்தான். ரமணனை நம்பி வெட்டினால் பத்தில் ஏழு பேருக்குப் பிழையாகிவிடும்.

சுகந்தி, உங்கள் தம்பி விஷயத்தில் வேறொரு கேள்வி முக்கியம். அவர் பிறவியிலேயே இடக்கையா, அல்லது வலக்கை பலவீனப்பட்டதால் இடக்கைக்கு மாறியவரா? குடும்பத்தில் வேறு இடக்கைக்காரர் உண்டா? இரண்டு கைப் பெருவிரல் நகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செருப்பு இரண்டும் ஒரே அளவா? சின்ன வயதில் மூளையின் ஒரு பக்கம் அடிபட்டால் எதிர்ப்பக்கக் கையும் காலும் கொஞ்சம் சிறுத்து வளர்வதுண்டு.

யோகேஸ்வரன், புதுக்குடியிருப்பு

என் மகளும் இடக்கைதான். பள்ளிக்கூடத்தில் வலக்கையால் எழுதச் சொல்லி அடித்துப் பழக்கினார்கள். இப்போது இரண்டு கையாலும் எழுதுகிறாள். அவளுக்கும் இந்த ஸ்கான் எடுக்க வேண்டுமா?

இன்னொன்று, சுகந்தி பிள்ளை. எங்கள் பக்கத்து ஆட்களில் பலருக்கு உடம்பில் செல் துண்டு இருக்கிறது. எனக்கே முதுகில் இருக்கிறது என்று எம்ஆர்ஐ எடுக்காமல் திருப்பி அனுப்பினார்கள். தம்பிக்கு அதைப் பார்த்தார்களா?

சுகந்தி

ஐயா, தம்பிக்கு 2009-இல் ஏழு வயது. வலக்கெண்டைக்காலில் சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. எக்ஸ்றே எடுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். சூடு ஏறினாலோ இழுப்பது போல இருந்தாலோ அமத்தச் சொல்லிக் கையில் ஒரு பந்து கொடுத்தார்கள்.

தேவகி அக்கா, வீட்டில் வேறு இடக்கைக்காரர் யாரும் இல்லை. ஒன்றரை வயதில் கடும் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு வந்து, பிறகு கொஞ்சக் காலம் வலக்கையைத் தூக்கவில்லை என்று அம்மா சொல்கிறார். அதுவரை வலக்கையால்தான் பொம்மையைப் பிடிப்பானாம். வலப்பெருவிரல் நகம் கொஞ்சம் சின்னம்தான், இன்றுதான் கவனித்தோம்.

தேவகி

அப்படியானால் உங்கள் தம்பியை அந்த 27 வீதக் கணக்கில் சேர்க்க முடியாது. மொழி படியும் வயதுக்கு முன் இடப்பக்கம் அடிபட்டு இடக்கைக்கு மாறியவர்களில், மொன்றியலில் ராஸ்முசனும் மில்னரும் 1977-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பேச்சு வலப்பக்கம். இன்னும் சிலருக்கு இரண்டு பக்கமும். மிச்சப் பேருக்கு அடிபட்ட பிறகும் இடப்பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் ஊகித்து விடாமல் சோதிக்கிறார்கள்.

யோகேஸ்வரன் ஐயா, மகளுக்கு எந்த ஸ்கானும் தேவையில்லை. மூளையில் கத்தி வைக்கப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இது.

இப்போது அந்த 0.05. இடப்பக்கத்தில் தூண்டப்பட்ட புள்ளிகளிலிருந்து வலப்பக்கத்தினதைக் கழித்து, மொத்தத்தால் வகுக்கிறார்கள். 210-இல் 190 போனால் 20. அதை 400-ஆல் வகுத்தால் 0.05. வழமையாக 0.2-க்கு மேல் போனால் இடம், கழித்தல் 0.2-க்குக் கீழே போனால் வலம், இடையில் நின்றால் இருபக்கம். ஆனால் உண்மையாகவே இரண்டு பக்கமும் பேச்சு உள்ளவருக்கும், சோதனையைச் சரியாகச் செய்யாதவருக்கும் இதே 0.05 வரும். இந்த எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எந்த மொழியில் சொற்கள் காட்டினார்கள்? என்ன செய்யச் சொன்னார்கள்?

சுகந்தி

ஆங்கிலச் சொற்கள். ஒரு பொருளின் பெயர் வரும், அதை வைத்து என்ன செய்வோம் என்று மனதுக்குள் சொல்ல வேண்டும். விளக்கம் சிங்களத்தில். ஒரு தாதி கொஞ்சம் தமிழில் சொன்னார். பாதியில் ஒன்றும் விளங்காமல் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று இப்போதுதான் சொல்கிறான்.

தேவகி

அங்கேதான் பிழை நடந்திருக்கலாம். 'கத்தி' என்று கண்டதும் 'வெட்டு' என்று தேடி எடுக்கும்போதுதான் நெற்றியின் பக்கவாட்டுப் பகுதி வேலை செய்யும். தேடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் பின்பக்கப் பார்வைப் பகுதி பளிச்சென்று தெரியும், முன்பக்கம் மங்கலாக இருக்கும். படத்தை அப்படி ஒருதடவை பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். மனதுக்குள் சொல்வதில், சொன்னாரா இல்லையா என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது என்பது அந்தச் சோதனையின் பெரிய குறை. வாய் திறந்து சொன்னால் தலை அசைந்து படம் கெடும்.

நான் என்றால் தமிழிலேயே திரும்ப எடுக்கக் கேட்பேன். முதல் நாளே வெளியில் வைத்துப் பழக்க வேண்டும். கூடவே பொத்தான் அமத்தும் சோதனை ஒன்றும் வேண்டும்: 'எருமை', 'முருங்கை' இரண்டும் ஒரே இனமா என்பது போல. சரியாக அமத்தினால் செய்திருக்கிறார் என்று தெரியும். ஓசை ஒத்துப் போகிறதா என்று கேட்கும் சோதனையைத் தமிழில் வைக்க வேண்டாம். 'கடல்', 'மடல்' என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், காதுக்கு வேலையே இல்லை.

நளாயினி, மாங்குளம்

என் அவருக்கு இந்தியாவில் அந்த ஊசிச் சோதனை செய்தார்கள். தொடையில் சின்னக் குழாய் விட்டு, மேலே கழுத்து வரை கொண்டு போனார்கள். முதலில் சாயம் விட்டுப் படம். பிறகு இரண்டு கையையும் தூக்கி ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். மூளையில் ஒரு பக்கத்தை மட்டும் சில நிமிடம் தூங்க வைக்கும் மருந்தாம், அது போனதும் எதிர்ப்பக்கக் கை பொத்தென்று விழுந்தது, ஏழில் எண்ணிக்கை நின்றது. சில நிமிடத்தில் திரும்பக் கதைத்தார். மற்றப் பக்கம் போட்டபோது கை விழுந்தாலும் எண்ணிக்கொண்டே போனார். வலி பெரிதாக இல்லை என்றார்.

தேவகி

நளாயினி சொன்னது பேச்சு ஒரு பக்கத்தில் உள்ளவரின் படம். இரண்டு பக்கமும் உள்ளவருக்கு இரண்டு ஊசியிலும் பாதிப் பாதியாகத் தடுமாறும். அதைப் படிக்க அனுபவம் வேண்டும். மூளை இரத்தக் குழாய்க்குள் குழாய் விடுவதால் பக்கவாதம் வரும் ஆபத்து சிறிதளவு உண்டு, அம்மாவின் பயம் வீண் பயம் இல்லை. வழமையான மருந்து கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது, பல இடங்களில் மாற்று மருந்து போடுகிறார்கள். தமிழில் எடுத்த ஸ்கான் ஒரு பக்கத்தைத் தெளிவாகக் காட்டினால் பேச்சுக்காக ஊசி தேவைப்படாமல் போகலாம். திரும்பவும் 0.05 வந்தால் ஊசியைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன்.

ரமணன்

அப்போ ஸ்கான் வலம் என்று காட்டினால் நான் சொன்னதுதானே?

தேவகி

காட்டினாலும் ஒரு சந்தேகம் மிஞ்சும். வருத்தப்பட்ட இடத்தின் இரத்த ஓட்டம் சரியாக மாறாததால், அங்கே வேலை நடந்தும் ஸ்கானில் தெரியாமல் போவதுண்டு. கட்டி உள்ளவர்களில் இதை அதிகம் காண்கிறோம். தழும்பில் எவ்வளவு என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

சுகந்தி

டொக்டரிடம் கேட்டோம். தமிழ்ச் சொற்களை நாங்களே எழுதிக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்கிறார். ஊசியைப் பற்றி அதற்குப் பிறகுதான் முடிவாம். அக்கா, எத்தனை சொல் வேண்டும், எப்படித் தெரிவு செய்வது?

தேவகி

நாற்பது எழுதுங்கள். வீட்டில், வயலில் அவன் கையால் தொடுகிற பொருட்களாக இருக்கட்டும். மண்வெட்டி, அகப்பை, சைக்கிள், கயிறு. ஒரு வினை சட்டென்று வராத சொற்களை விட்டுவிடுங்கள். நீளமான சொற்களும் வேண்டாம், அவன் வாசிக்கும் வேகத்துக்கு ஏற்றபடி நேரம் வைக்கச் சொல்லுங்கள்.