மீன் பொரிக்கிற வீட்டுக்கு 1500 சக்‌ஷன் சிம்னி போதுமா?

கீழக்கரைப்பொண்ணு: தினம் மீன் பொரிப்போம், வெள்ளிக்கிழமை சமோசா ஆர்டரும் உண்டு. அடுப்புல இருந்து வெளிச்சுவர் 14 அடி, நடுவுல 2 வளைவு. கடைல மணிக்கு 1500 கன மீட்டர் சக்‌ஷன், ஃபில்டர் இல்லாத ஆட்டோகிளீன் எடுக்கச் சொல்றாங்க. எடுக்கலாமா?

ராம்நாடு_ராஜா: கண்ண மூடிட்டு எடுங்க லாத்தா. பொரியல் அதிகம்னா 1200க்கு கீழ போகவே கூடாது, எண் பெருசானா இழுவையும் பெருசு.

பாம்பன்_மெக்கானிக்: 1200க்கு மேலன்றது சரிதான் தம்பி, ஆனா பெட்டில போட்டிருக்கிற 1500 புகை வெளிய போற டக்ட் பைப் மாட்டாம எடுத்த கணக்கு. ஒரு வளைவு நாலஞ்சு அடி நேர் பைப் அளவுக்கு காத்த தடுக்கும், அப்போ இவங்க 14 அடி 22, 24 அடி மாதிரி வேலை செய்யும். அதுலயும் சுருக்கம் சுருக்கமா இருக்கிற அலுமினிய பைப்ப இழுத்து விடாம மாட்டினா மடிப்புக்கு மடிப்பு எண்ணெய் உக்காரும். ஃபிட் பண்ண வர்றவன் 6 இஞ்ச் வாய்க்கு 4 இஞ்ச் பைப் மாட்டினா விடாதீங்க, காத்து போற வழி பாதிக்கும் கீழ போயிடும். சத்தம் கூடி புகை ஹூட் ஓரமா முன்னாடி வழிஞ்சா டக்ட் அடைக்குதுன்னு அர்த்தம்.

தொண்டி_மருமக: எங்க வீட்ல டக்டே இல்ல, கரி ஃபில்டர்தான், நல்லாத்தான இருக்கு?

பாம்பன்_மெக்கானிக்: நீங்க என்னைக்காவது பொரிப்பீங்க போல தங்கச்சி. கரி வாடைய கொஞ்சம் பிடிக்கும், சூடும் ஈரமும் அடுக்களைலயே சுத்தும். தினம் சீலா பொரிக்கிற வீட்டுக்கு அது ஆகாது.

ராம்நாடு_ராஜா: சரி, ஆட்டோகிளீன்ல என்ன குறை? பட்டன அமுக்கினா சுத்தமாயிடுதே.

பாம்பன்_மெக்கானிக்: ஹீட்டர் ஃபேன்ல இருக்கிற எண்ணெய உருக்கி கிண்ணத்துல இறக்கும், அவ்வளவுதான். டக்டுக்குள்ள போனது போனதுதான். நான் பேஃபிள் ஃபில்டர்தான் சொல்வேன், வளைஞ்சு வளைஞ்சு போற தகட்டுல எண்ணெய் மோதி அங்கயே நின்னுடும், கழட்டி வெந்நீர்ல சோப்பு போட்டு ஊற வச்சா முடிஞ்சது. சல்லடை மாதிரி இருக்கிற மெஷ் வேணவே வேணாம், பொரிக்கிற வீட்ல சீக்கிரம் அடைச்சுக்கும்.

ராம்நாடு_ராஜா: வாரா வாரம் யார் கழுவுறது? வேலைக்குப் போற வீட்ல நடக்காதுண்ணே, கழுவாத பேஃபிளுக்கு ஆட்டோகிளீனே மேல்.

பாம்பன்_மெக்கானிக்: கழுவ மாட்டோம்னா நீங்க சொல்றது சரி. ஆனா லாத்தா, அடுப்ப வெளிச்சுவர் பக்கம் மாத்துங்க, 3 அடி டக்ட், ஒரே வளைவு, 1200 மெஷினே தாராளம். தெற்கு, மேற்கு சுவர்ல வாய் வச்சா கச்சான் காத்து புகைய திருப்பி உள்ள தள்ளும், கீழ பார்த்த மூடியும், வெளிக்காத்து உள்ள வராம மூடிக்கிற மடக்குத் தகடும் கட்டாயம். உப்புக் காத்துல தகரம் துரு ஏறிடும், 304 எவர்சில்வரா கேளுங்க.

கீழக்கரைப்பொண்ணு: கேஸ் லைன், சிங்க் எல்லாம் மாத்த உம்மா ஒத்துக்க மாட்டாங்க காக்கா. மேல மொட்டைமாடிதான், நேரா மேல ஓட்டை போட்டா?

பாம்பன்_மெக்கானிக்: இழுவைக்கு அத விட நல்ல வழி இல்ல. வாடை மழைல ஓட்டைய சுத்தி ஒழுகாம அடைக்கிற கொத்தனார் கிடைச்சா போடுங்க.

ராம்நாடு_ராஜா: தளத்துல ஓட்டையா? நான் ஒத்துக்க மாட்டேன், 14 அடியே இருக்கட்டும்.