லட்டுவைக் காணோம், நோட்டீஸ் சரியா என்று பாருங்கள் (அவசரம்)

லட்டு வீடு: நேற்று இரவிலிருந்து காணோம். காலையில் ஒட்ட வேண்டும். சிரிக்க வைத்தால் மனதில் நிற்கும் என்று இப்படி எழுதினேன்:

"காணவில்லை! பெயர் லட்டு. தொழில்: தூக்கம். மீன்காரர் குரலுக்கு மட்டும் எழுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது மட்டும் அசையும். பார்த்தால் சொல்லவும்."

எதையாவது மாற்றணுமா?

கோவைக்காரன்: லட்டு நாயா, பூனையா? எந்த ஏரியா? யாரிடம் சொல்வது?

தெருவிளக்கு: இதற்குப் பழைய இழைகள் இருக்கின்றன, தேடிப் படித்திருக்கலாம். நோட்டீஸ் துணுக்கு எழுதும் இடமில்லை.

லட்டு வீடு: பூனை. ஆரஞ்சு, ஆண். சாய்பாபா காலனி, மூன்றாவது மாடி. வீட்டைவிட்டு வெளியே போனதே இல்லை. வெடிச் சத்தத்தில் ஓடிவிட்டான்.

மீரா அக்கா: சிரிப்பு இருக்கட்டும், ஆனால் இரண்டு வரி போதும். பைக்கில் போகிறவர் படிக்க வேண்டியது "ஆரஞ்சு பூனை காணவில்லை", முழு உடல் தெரியும் போட்டோ, போன் எண், இவ்வளவுதான். எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்துப் பெரிதாகப் போடுங்கள். இப்படி:

"ஆரஞ்சு பூனை காணவில்லை
(போட்டோ)
பெயர் லட்டு. தொழில்: தூக்கம். மீன் வாசனைக்கு மட்டும் எழுவார்.
துரத்த வேண்டாம், ஓடிவிடுவார். போட்டோ எடுத்து அனுப்புங்கள்.
அழைக்க, வாட்ஸ்அப்: (எண்), எந்நேரமும்
சாய்பாபா காலனி, (தொலைந்த தேதி)"

தேதி இல்லாத நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்கில் சுற்றும். அடியில் கிழித்துக்கொள்ளும் சீட்டு வைத்தால் ஒவ்வொன்றிலும் "லட்டு பூனை" என்றும் எழுதுங்கள். வெறும் எண் சட்டைப் பையில் கிடந்தால் எதற்கென்றே மறந்துபோகும்.

ராஜபாளையம் பிரியன்: எங்கள் நாய் தொலைந்தபோது ஒருவர் "என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்" என்றார். நாய் அவரிடம் இல்லவே இல்லை.

மீரா அக்கா: அதற்குத்தான் ஓர் அடையாளத்தை நோட்டீஸில் போடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பவரிடம் அதைக் கேளுங்கள்.

கோவைக்காரன்: அவனுடைய மண் டப்பாவை வாசலில் வையுங்கள். வாசனை பிடித்து வந்துவிடுவான்.

தெருவிளக்கு: தவறு. அந்த வாசனைக்குத் தெருப் பூனைகள் வந்து அவனை விரட்டும். அவன் படுத்த துணியை வைக்கலாம்.

கோவைக்காரன்: எங்கள் பூனை டப்பா வைத்துத்தான் வந்தது.

தெருவிளக்கு: டப்பா இல்லாமலும் வந்திருக்கும்.

மீரா அக்கா: சண்டையை அப்புறம் பார்க்கலாம். வெளியே பழகாத பூனை பெரும்பாலும் தூரம் போகாது. பக்கத்திலேயே சத்தமில்லாமல் பதுங்கியிருக்கும், கூப்பிட்டாலும் பதில் வராது. நடு இரவில் டார்ச் எடுத்து மோட்டார் அறை, மாடிப்படி அடி, கார்களுக்குக் கீழே பாருங்கள். கண் பளிச்சென்று தெரியும். பிரின்ட் கடையில் லேசரில் எடுங்கள், வீட்டு இங்க்ஜெட் மழையில் கரையும். பிளாஸ்டிக் கவரின் திறந்த பக்கம் கீழே இருக்கட்டும்.

லட்டு வீடு: ஒட்டியாச்சு. ஒரு அழைப்பு வந்தது. வால் நுனி என்ன நிறம் என்று கேட்டதும் வைத்துவிட்டார். டார்ச்சோடு கீழே போகிறேன்.

கோவைக்காரன்: டப்பா வைத்தீர்களா?